லண்டனில் விழுந்த குண்டுகளும் பாய்சான் பரவலும்

ஒரு நிகழ்ச்சி நடப்பதற்குப் பல நூறு வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் எந்த ஒரு வாய்ப்பிலும் அது நடப்பது மிக அரிது. அப்படியானால் மொத்தத்தில் அது ஒருமுறைகூட நடக்காமல் போவதற்கு, ஒருமுறை நடப்பதற்கு, இருமுறை நடப்பதற்கு எவ்வளவு நிகழ்தகவு உண்டு? இந்தக் கேள்விக்கான விடைதான் பாய்சான் பரவல். பிரெஞ்சுக் கணிதவியலர் சிமியோன் டெனி பாய்சான், நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவு பற்றி 1837-இல் வெளியிட்ட நூலில் இது இடம்பெற்றது. இதைக் கணக்கிடச் சராசரி தெரிந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

இந்தப் பரவல் எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காட்ட, இரண்டாம் உலகப் போர்க்காலத்து லண்டனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 1944 ஜூன் மாதம் முதல் ஜெர்மனி வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை லண்டன்மீது ஏவியது. சில பகுதிகளில் குண்டுகள் அடுத்தடுத்து விழுந்தன, பக்கத்துப் பகுதிகள் தப்பின. குண்டுகள் இடம் பார்த்துக் குறிவைக்கப்படுகின்றனவா, இல்லை கண்டபடி விழுகின்றனவா? ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணிப்பாளர் இதை எண்ணிப் பார்த்தார். 1946-இல் வெளியான அவருடைய கட்டுரை மிகச் சிறியது. தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டு, அதைக் கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்தார். அந்தப் பரப்பில் விழுந்திருந்த குண்டுகள் 537.

குண்டுகள் கண்டபடி விழுந்தன என்றே வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டத்தைக் கவனிக்கலாம். ஒரு குண்டு அதில் விழுவதற்கான நிகழ்தகவு 576-இல் 1. விழாமல் போவதற்கு 576-இல் 575. ஒவ்வொரு குண்டும் மற்றதைச் சாராமல் விழுகிறது என்பதால், 537 குண்டுகளும் அந்தக் கட்டத்துக்குத் தப்பிப் போக வேண்டுமானால் 575/576 என்பதை 537 முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.393. இதுவரை செய்தது பள்ளிப் பாடத்தில் வரும் ஈருறுப்புப் பரவல்தான். முயற்சிகள் n = 537, ஒவ்வொன்றிலும் நிகழ்தகவு p = 1/576.

இந்த இரண்டு எண்களின் பெருக்கல், np, ஒரு கட்டத்துக்குச் சராசரியாக எத்தனை குண்டுகள் என்பதைத் தருகிறது: 0.932. இதையே λ என்று குறிப்பார்கள். இப்போது n-ஐக் கூட்டிக்கொண்டே போய், அதே வேகத்தில் p-யைக் குறைத்து, λ மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டால் என்ன ஆகும்? தப்பிப்பதற்கான நிகழ்தகவு (1 − λ/n)^n. n பெருகப் பெருக இது e^(−λ) என்ற எல்லையை நெருங்குகிறது. e என்பது 2.718 என்று தொடங்கும் எண். லண்டன் கணக்கில் e^(−0.932) ஏறத்தாழ 0.394. துல்லியமான விடையோடு மூன்றாம் தசம இடத்தில்தான் வேறுபாடு தெரிகிறது.

அடுத்த படிகள் இன்னும் எளிது. ஈருறுப்புப் பரவலில் k முறை நடப்பதற்கான நிகழ்தகவை, k−1 முறை நடப்பதற்கானதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் (n−k+1)p / k(1−p). n மிகப் பெரியது, k சிறியது என்றால் n−k+1 என்பதை n என்றே கொள்ளலாம். p மிகச் சிறியது என்பதால் 1−p என்பது 1 தான். மிஞ்சுவது λ/k. ஆகவே பூஜ்யத்துக்கான நிகழ்தகவை λ-ஆல் பெருக்கினால் ஒன்றுக்கானது. அதை λ/2-ஆல் பெருக்கினால் இரண்டுக்கானது. அதை λ/3-ஆல் பெருக்கினால் மூன்றுக்கானது. இந்தப் பெருக்கல்களை ஒன்றாகத் திரட்டி எழுதியதே பாய்சான் சூத்திரம்:

P(k) = e^(−λ) λ^k / k!

கவனித்தால், n-உம் p-யும் தனித்தனியாக இதில் எங்கும் இல்லை. எத்தனை குண்டுகள், எத்தனை கட்டங்கள் என்ற விவரம் மறைந்து சராசரி மட்டும் நிற்கிறது. நடைமுறையில் இதன் பயன் பெரிது. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் சராசரியை எண்ணிவிடலாம், வாய்ப்புகள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

சூத்திரத்தின்படி 576 கட்டங்களில் ஏறத்தாழ 227 கட்டங்கள் முழுவதுமாகத் தப்பியிருக்க வேண்டும். உண்மையில் தப்பியவை 229. ஒரு குண்டு விழுந்தவை 211 என்றது கணக்கு, எண்ணிக்கையும் 211. இரண்டு விழுந்தவை கணக்கில் 99, களத்தில் 93. மூன்று விழுந்தவை கணக்கில் 31, களத்தில் 35. நான்கு விழுந்தவை இரண்டிலும் 7. ஐந்தும் அதற்கு மேலும் விழுந்தவை கணக்கில் ஒன்றரை, களத்தில் ஒன்று. அந்த ஒரே கட்டத்தில் எத்தனை குண்டுகள் என்பது, மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் தெரிந்துவிடும்: ஏழு. இப்படி ஏழோ அதற்கு மேலோ விழுந்த கட்டம் தற்செயலாகவே அமைவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு மூன்று அளவில்தான். அரிதுதான், ஆனாலும் மற்ற எல்லாம் இவ்வளவு பொருந்தும்போது அதை மட்டும் வைத்துச் சதி என்று சொல்ல இடமில்லை.

'அரிய நிகழ்ச்சி' என்ற சொல்லை இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 537 குண்டுகள் விழுந்தது அரிய செய்தி அல்ல. ஒரு குறிப்பிட்ட குண்டு ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் விழுவதுதான் அரிது. எவ்வளவு அரிதாக இருந்தால் போதும் என்பதற்கும் அளவு உண்டு: ஈருறுப்புப் பரவலுக்குப் பதிலாகப் பாய்சானைக் கொண்டால், எந்த நிகழ்தகவிலும் வரும் பிழை np²-ஐத் தாண்டாது. லண்டன் கணக்கில் அது ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. அதே சராசரியை, இரண்டு முயற்சிகளில் ஒவ்வொன்றுக்கும் 0.466 என்ற நிகழ்தகவோடு பெற்றிருந்தால் பாய்சான் சுத்தமாக உதவாது. இரண்டே முயற்சிகளில் மூன்று வெற்றிகளுக்கும் அது நிகழ்தகவு கொடுக்கும்.

பரவல் பொருந்துகிறதா என்று சட்டென்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாய்சானில் சராசரியும் பரவற்படியும் சமம். கிளார்க்கின் எண்களிலிருந்து பரவற்படியைக் கணக்கிட்டால் 0.97 வருகிறது, சராசரி 0.93. ஏறக்குறைய சமமே. மாறாக, ஜெர்மானியர்கள் பாதிக் கட்டங்களை விட்டுவைத்து மறுபாதியில் மட்டும் 537 குண்டுகளையும் போட்டிருந்தால், தப்பிய கட்டங்கள் 333 அளவுக்கு உயர்ந்திருக்கும், பரவற்படியும் 1.8 ஆகியிருக்கும். ஒரு நிகழ்ச்சி அடுத்ததைத் தூண்டும்போதும் பரவற்படி இப்படித்தான் சராசரியை மீறும். தொற்றுநோயில் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது இதற்கு உதாரணம்.

ஆனால் பரவற்படி மீறியதாலேயே குறிவைப்பு நடந்தது என்று முடிவுகட்ட முடியாது. வி-1 குண்டுகள் டவர் பிரிட்ஜ் பாலத்தை நோக்கி ஏவப்பட்டன. பல அங்கே போய்ச் சேராமல் தெற்கிலேயே விழுந்தன. ஆகவே லண்டன் முழுவதையும் எடுத்தால், தெற்கில் அடர்த்தி கூடவும் பிற இடங்களில் குறைவாகவும் இருக்கும். ஒவ்வொரு குண்டும் தற்செயலாகவே விழுந்தாலும், வெவ்வேறு சராசரி கொண்ட பகுதிகளை ஒரே λ-வுக்குள் அடைத்தால் தப்பிய கட்டங்களும் பல குண்டு விழுந்த கட்டங்களும் சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகிவிடும். கிளார்க் நகரம் முழுவதையும் எடுக்காமல், குண்டுகளின் அடர்த்தி ஏறக்குறைய ஒரே சீராக இருந்த ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.