மேலாளர் சம்மதித்தால் போதுமா?

திண்டுக்கல் பக்கம் ஒரு பஞ்சாலை. அங்கே வேலை செய்யும் 300 பெண்களிடம் முதுகுவலி உண்டா, கழிப்பறைக்குப் போகத் தடையில்லாமல் விடுகிறார்களா, சூப்பர்வைசர் திட்டுகிறாரா என்று கேட்க ஒரு கல்லூரி ஆய்வாளர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போடப் போவதில்லை, ரத்தம் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அவர் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இந்தக் குழுவில் 7 முதல் 15 பேர் இருக்கலாம். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவரும், ஆராய்ச்சித் துறைக்குச் சம்பந்தமில்லாத பொதுமனிதர் ஒருவரும் இடம்பெற வேண்டும்.

'இந்த ஆய்வில் ஆபத்து ஏதுமில்லை' என்று ஒரே வரியில் முடித்த கடிதம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஆபத்து கேள்வித்தாளில் இல்லை. பதில் யார் காதுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. சூப்பர்வைசர் திட்டுகிறார் என்று ஒரு பெண் சொன்னது மில்லுக்குள் கசிந்தால் ஓவர்டைம் போகலாம், வேலையே போகலாம். மில் விடுதியில் தங்கியிருப்பவருக்கு வேலை போனால் இருக்க இடமும் போய்விடும். கடிதம் இதை மறைக்காமல் எழுத வேண்டும். பேட்டியை எங்கே, எப்போது எடுத்தால் இந்த ஆபத்து குறையும் என்றும் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில், ஆலைக்கும் விடுதிக்கும் வெளியே, வார்டன் கண்ணில் படாத ஓர் இடம் என்பது ஏற்கத்தக்க பதில்.

அடுத்தது ஒப்புதல். ஆலைக்குள் நுழைய மேலாளரின் அனுமதி தேவைப்படலாம். ஆனால் தொழிலாளிக்காக அவர் சம்மதம் தர முடியாது. மேலாளரே ஆட்களைத் தேர்ந்து வரிசையில் நிறுத்தினால், 'இஷ்டமில்லை' என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? அதனால் யார் கலந்துகொண்டார், யார் மறுத்தார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் ஒப்புதலுக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் வேண்டும். அந்தச் சாட்சி சூப்பர்வைசராக இருந்தால் மொத்த ஏற்பாடும் வீண்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வில் அந்தப் பெண் கலந்துகொண்டதற்கு, அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமே பெயரோடு கூடிய ஆதாரமாகிவிடும். கையெழுத்தே ஆபத்தைக் கொண்டுவருமானால், காரணத்தை விளக்கி, வாய்மொழி ஒப்புதலுக்குக் குழுவின் அனுமதியைக் கேட்கலாம்.

'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று முழு வாக்குறுதியும் தர முடியாது. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். ரகசியத்துக்கு உள்ள இந்த எல்லையைப் பேட்டி தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, தகவல் பாதுகாப்பு. பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கோன் வைண்டிங் பிரிவின் இரவு ஷிப்ட்டில் 8 பேர் பேட்டி கொடுத்தார்கள் என்று கொள்வோம். 'திட்டு வாங்கியதாகச் சொன்னவர்கள்: 8' என்று அறிக்கையில் அச்சானால், ஒரு பெயரும் இல்லாமலே எட்டுப் பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே 10 பேருக்குக் குறைவான பிரிவைத் தனியே வெளியிடுவதில்லை என்று கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

அதுவும் போதாது. இரவு ஷிப்ட்டின் மொத்தம் 60 என்றும் மற்ற பிரிவுகளில் 52 பேர் என்றும் அதே அறிக்கை சொன்னால், மறைத்த 8 கழித்தலில் வெளியே வந்துவிடும். புகார் சொன்னவர்களின் எண்ணிக்கையையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். அதனால் சிறிய பிரிவை வெறுமனே மறைக்காமல் இன்னொன்றோடு சேர்த்தே காட்ட வேண்டும். வயது, சொந்த ஊர், பிரிவு மூன்றும் சேர்ந்தாலும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். வயதை '30 முதல் 39' என்று எழுதலாம். ஊருக்குப் பதில் மாநிலத்தோடு நிறுத்தலாம். பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள பட்டியலைப் பதில்களோடு வைக்காமல், வேறோர் இடத்தில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை எப்போது அழிப்பது என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று படிவத்தில் எழுதுகிறோம். பட்டியலை அழித்த பிறகு, எந்தப் பதில் யாருடையது என்று ஆய்வாளருக்கே தெரியாது, நீக்கவும் முடியாது. எனவே 'பேட்டி முடிந்து 30 நாளுக்குள் சொன்னால் உங்கள் பதிலை எடுத்துவிடுவோம், அதன்பிறகு முடியாது' என்று எழுதுவதுதான் நேர்மை. 'உங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள், காட்டுங்கள்' என்று மில் நிர்வாகம் கேட்டால் அதற்கும் கடிதத்தில் பதில் தயாராக இருக்க வேண்டும்: பிரிவுகளைச் சேர்த்துத் தயாரித்த அறிக்கையைத் தருவோம், தனியாள் பதில்களைத் தரமாட்டோம். இதை நிர்வாகம் ஏற்காவிட்டால் அந்த ஆலையில் ஆய்வு நடக்காது என்றும் சேர்த்து எழுதினால், அனுமதி கேட்கப் போகும் நாளிலேயே எல்லாருக்கும் நிலைமை தெளிவாகிவிடும்.