மோட்டார் போட்டால் பில் எவ்வளவு ஏறும்?

சந்தேகம்: போலாரத்தில் தனி வீடு. சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு எச்.பி. மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிறது. மாதம் எத்தனை யூனிட் ஆகும்?

விளக்கம்: ஒரு எச்.பி. என்பது 746 வாட். அதை 30 மணி நேரத்தால் பெருக்கினால் 22 யூனிட் சொச்சம் வரும். பலர் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். தகட்டில் உள்ள எச்.பி., மோட்டாரின் தண்டு பம்புக்குக் கொடுக்கும் திறன். மீட்டரில் ஓடுவது அதைவிட அதிகம். வீட்டு சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் கணிசமான பங்கு சூடாகவே போய்விடும். ஆகவே முழுச் சுமையில் சுமார் 1.1 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 33 யூனிட்.

சந்தேகம்: என் மோட்டாருக்கும் அதே 1.1 தானா?

விளக்கம்: மீட்டரையே கேட்டுவிடலாம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, kWh அளவைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். தொட்டி நிறைந்ததும் மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் ஒரு தொட்டிக்கான யூனிட். எச்.பி. கணக்கைவிட இதுவே நம்பகமானது.

சந்தேகம்: 33 யூனிட்டுக்கு ரூபாய் எவ்வளவு?

விளக்கம்: வீட்டின் மற்ற செலவைப் பொறுத்தது. தெலங்கானாவில் 2022-ல் திருத்திய வீட்டுக் கட்டணப்படி, மாதம் 100 யூனிட்டுக்கு மேல் 200 வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் நூறு யூனிட் ரூ.3.40, அடுத்த நூறு ரூ.4.80. 200-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும்: முதல் 200 யூனிட்டும் ரூ.5.10, அதற்கு மேல் 300 வரை ரூ.7.70.

மோட்டார் இல்லாமல் 150 யூனிட் ஆகும் வீட்டில் இந்த 33 யூனிட்டுக்கு ரூ.158 கூடும். மோட்டார் இல்லாமல் 180 யூனிட் ஆகும் வீட்டில் கதையே வேறு. 180-க்கு ரூ.724, மோட்டாரோடு 213 யூனிட்டுக்கு ரூ.1,120. அதே தண்ணீருக்கு ரூ.396! (நிலைக்கட்டணம் போன்றவை தனி.) 200 யூனிட் வரை இலவசம் தரும் கிருஹ ஜோதி பயனாளி என்றால், எல்லை தாண்டிய மாதம் முழு பில்லையும் கட்ட வேண்டும்.

சந்தேகம்: போர் தண்ணீருக்கும் இதே கணக்கா?

விளக்கம்: யூனிட் கணக்கு ஒன்றுதான், நேரம்தான் மாறும். பாறைப் பூமியில் கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அதே மோட்டார் நிமிடத்துக்குக் குறைவாகவே ஏற்றும், தொட்டி நிறைய அதிக நேரமாகும். சம்பு மோட்டாருக்கு அந்தச் சாக்கு கிடையாது. 40 நிமிடத்தில் நிறைந்த தொட்டி இப்போது ஒரு மணி நேரம் எடுத்தால், செலவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஃபுட் வால்வின் சல்லடையில் அடைப்பு இருக்கிறதா, உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம்.