ஒளிப்பட அட்டவணைகளில் அடிக்குறிப்பு எண்களும் முக்கிய எண்ணுருக்களும்

ஆய்விதழ்ப் பக்கத்தின் ஒளிப்படத்திலிருந்து அட்டவணையைப் பெயர்த்தெடுக்கும்போது இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒரு நெடுவரிசையில் 4.10, 3.85, 4.20² என மூன்று மதிப்புகள் இருப்பதாகக் கொள்வோம். இறுதியிலுள்ள சிறிய 2 அடிக்குறிப்பு எண்ணாகும். எழுத்துணரி மென்பொருள் அதனை மதிப்போடு சேர்த்து 4.202 எனப் படித்துவிடக்கூடும். விரிதாளோ 4.10 என்பதை எண்ணாகக் கொண்டு 4.1 எனக் காட்டும். மதிப்பு மாறாவிடினும் மூன்று முக்கிய எண்ணுருக்கள் இரண்டாகிவிடுவதால், அளவீட்டின் நுட்பம் குறைந்ததாகத் தோன்றும்.

இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக அன்றி எழுத்துச் சரமாகவே காத்தல் வேண்டும். பாண்டாஸ் நூலகத்தில் அதற்குரிய கட்டளை வருமாறு:

```
df = pd.read_csv("t1.csv", dtype=str, keep_default_na=False)
```

பின்னர், தசமப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களை நெடுவரிசைதோறும் எண்ண வேண்டும். பிறவற்றில் இரண்டும் ஒன்றில் மட்டும் மூன்றும் இருப்பின், அம்மிகை இலக்கம் அடிக்குறிப்பாக இருக்கலாம். ஒளிப்படத்தில் அவ்விலக்கம் சிறிதாகவும் உயர்ந்தும் உள்ளதா, அட்டவணையின் கீழ் 2 என்னும் குறிப்பு உள்ளதா என்பவற்றைக் கண்டு உறுதிசெய்தபின், 4.20 ஒரு நெடுவரிசையிலும் 2 அதற்கடுத்த நெடுவரிசையிலும் பதியப்பெறும்.

மதிப்புகள் முழு எண்களாயின் இவ்வெண்ணிக்கை உதவாது. 15² என்பது 152 ஆகியிருப்பதைப் படத்தோடு ஒப்பிட்டே அறிய இயலும்.