பஞ்சாங்கத்தில் தாத்தாவின் திதியைத் தேடுவது எப்படி?

அக்கா மகள் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஊரில் அம்மா வைத்திருக்கும் பஞ்சாங்கத்தின் ஆவணி மாதப் பக்கம். கூடவே ஒரு கேள்வி: “சித்தி, தாத்தாவுக்குத் தேய்பிறை பஞ்சமி திதின்னு அம்மா சொன்னாங்க. புதன்கிழமை வரிசையில ‘ப’ன்னு போட்டிருக்கு. அன்னிக்குத்தானே லீவு போடணும்?”

அன்றைக்கு இல்லை, முதல் நாள் செவ்வாய்க்கிழமை. அது ஏன் என்று அவளுக்குச் சொன்ன விளக்கம், பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துக் குழம்பிய வேறு பலருக்கும் பயன்படும்.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குறுக்கு வரிசையும் ஒரு நாள். முதலில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை. தமிழ்த் தேதிக்குத் தலைப்பாக ‘௳’ என்ற குறி இருந்தால் அது நாள். மாதத்துக்கு ‘௴’, வருடத்துக்கு ‘௵’. அடுத்து வருபவை திதி, நட்சத்திரம், யோகம், கரணம். கிழமையோடு சேர்த்து இந்த ஐந்து அங்கங்கள்தான் பஞ்சாங்கம். திதி கொடுக்கும் நாளைப் பார்க்க யோகமும் கரணமும் தேவையில்லை. அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

இடம் போதாததால் எல்லாப் பெயர்களையும் ஓரிரண்டு எழுத்தில் சுருக்கியிருப்பார்கள். திதிப் பத்தியில் ‘ச’ என்று இருந்தால் அது சதுர்த்தியா, சஷ்டியா, சப்தமியா, சதுர்த்தசியா? மேலும் கீழும் பார்த்தால் தெரிந்துவிடும். திதிகள் வரிசை மாறாமல் வருபவை. திருதியைக்கு அடுத்து வருவது சதுர்த்தி. அதற்கு அடுத்த ‘ப’ பஞ்சமி. ‘பூ’ என்ற நட்சத்திரம் பூசமா பூரமா என்பதையும் இப்படியே கண்டுகொள்ளலாம்.

12.40 என்பது மணி அல்ல

அவள் அனுப்பிய படத்தில் நமக்கு வேண்டிய இரண்டு வரிசைகள் இப்படி இருந்தன. செவ்வாய்: ‘ச 12.40’. புதன்: ‘ப 10.05’. இதைப் பார்த்ததும், சதுர்த்தி பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். பத்தியின் தலைப்பில் ‘நா.வி.’ என்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை. நாழிகை, விநாழிகை என்பதன் சுருக்கம் அது. சில பஞ்சாங்கங்கள் மணி, நிமிடமாகவும் அச்சிடுகின்றன. தலைப்பு படத்தில் விழாமல் போயிருந்தால் பத்தி முழுக்கக் கண்ணை ஓட்டுங்கள். 24-க்கு மேற்பட்ட எண்கள் பல இடங்களில் இருந்தால் அது நாழிகைக் கணக்கு.

நாழிகைக் கணக்கில் நாள் நள்ளிரவில் தொடங்காது, சூரிய உதயத்தில் தொடங்கும். ஓர் உதயத்திலிருந்து மறு உதயம் வரை 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். நாழிகையை அறுபதாகப் பிரித்தால் விநாழிகை, அதாவது 24 நொடி.

இப்போது 12.40-ஐக் கணக்கிடுவோம். 12 நாழிகைக்கு 288 நிமிடம், 40 விநாழிகைக்கு 16 நிமிடம். மொத்தம் 304 நிமிடம், அதாவது 5 மணி 4 நிமிடம். அன்றைய உதயம் காலை 6.10. ஆகவே சதுர்த்தி முடிவது காலை 11.14-க்கு. அந்த நொடியிலேயே பஞ்சமி தொடங்கிவிடுகிறது. புதன்கிழமை வரிசையின் 10.05-ஐயும் இப்படியே மாற்றினால் 4 மணி 2 நிமிடம் வரும். பஞ்சமி புதன் காலை 10.12-க்கு முடிகிறது.

உதய நேரத்தைக் கூட்டும்போது, அந்தப் பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊரின் உதயத்தையே கூட்ட வேண்டும். திதி முடியும் கணம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மதுரைக்குக் கணித்த நாழிகையோடு சென்னையின் உதயத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள் பிசகும்.

நட்சத்திரப் பத்தியில் இன்னொரு சிக்கல் இருந்தது. செவ்வாய் வரிசையில் அசுவினிக்கு 47.30. கணக்கிட்டால் சரியாக 19 மணி நேரம். உதயத்தோடு கூட்ட, இரவு 1.10. கைப்பேசிக்கு அது புதன்கிழமை. பஞ்சாங்கத்துக்கோ மறு உதயம் வரை செவ்வாய்தான்.

வரிசையில் உள்ள திதி யாருடையது?

திதி என்பது சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலக எடுத்துக்கொள்ளும் காலம். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். இப்படி நடுப்பகலிலோ நள்ளிரவிலோ மாறுவதை ஒரு நாளின் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது? உதயத்தின்போது எந்தத் திதி இருக்கிறதோ அதையும், அது முடியும் நாழிகையையும் எழுதுகிறார்கள். செவ்வாய் விடியும்போது சதுர்த்தி, புதன் விடியும்போது பஞ்சமி. அந்த வரிசைகள் சொல்வது அவ்வளவுதான்.

ஆனால் சிரார்த்தத்துக்கு உதயகாலத் திதியைக் கொள்வதில்லை. அபராஹ்ணத்தில் நிற்கும் திதியைக் கொள்வது மரபு. பகற்பொழுதை ஐந்து சம பங்காக்கினால் நான்காவது பங்கு அபராஹ்ணம். பகல் எவ்வளவு நீளம் என்பதை ‘அகசு’ என்ற பத்தி சொல்லும். செவ்வாய்க்கு அது 30.45 நாழிகை, அதாவது 12 மணி 18 நிமிடம். ஒரு பங்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நான்காவது பங்கு பிற்பகல் 1.33 முதல் 4 மணி வரை. செவ்வாய் அந்த நேரத்தில் பஞ்சமி முழுக்க நிற்கிறது. புதன் பிற்பகலிலோ சஷ்டி வந்துவிடுகிறது. தாத்தாவுக்குரிய நாள் செவ்வாய் என்பது இதனால்தான்.

இவ்வளவு கணக்கும் நாமே போட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பல பஞ்சாங்கங்களில் ‘சிரார்த்த திதி’ என்று தனிப் பத்தியே உண்டு. படத்தின் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது அதுதான். செவ்வாய்க்கு நேராக அங்கே ‘பஞ்சமி’ என்று இருந்தது. இரண்டு நாள் பிற்பகலிலும் ஒரே திதி இருப்பது, எந்த நாள் பிற்பகலிலும் முழுதாக இல்லாமல் போவது போன்ற சிக்கல்களையும் தீர்த்துத்தான் அந்தப் பத்தியை எழுதுகிறார்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் இரு வகை. சந்திரனுக்கு 248 வாக்கியங்களைக் கொண்ட பழைய முறையில் கணிப்பது வாக்கியம். இன்றைய வானியல் அளவுகளின்படி கணிப்பது திருக்கணிதம். ஒரே திதியின் முடிவு இவ்விரண்டிலும் சில மணி நேரம் வேறுபடும். சில மாதங்களில் அந்த வேறுபாட்டால் சிரார்த்த நாளே மாறிவிடும். ஆண்டுதோறும் எதைப் பார்த்துச் செய்கிறார்களோ அதையே பார்ப்பதுதான் குடும்ப வழக்கம்.

ஆகவே, பஞ்சாங்கப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்போது பத்தித் தலைப்புகளும் இரண்டு ஓரங்களும் முழுதாக விழும்படி எடுங்கள். வேண்டிய நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிசைகளையும் விடாதீர்கள். வருடப் பெயரும், வாக்கியமா திருக்கணிதமா என்பதும், எந்த ஊருக்குக் கணித்தது என்பதும் தெரிய முதல் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.