மார்ச் 8 அன்று மேலாளர் எழுதும் வாழ்த்து

மார்ச் 8 காலையில் பல அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் ரோஜாப்பூ படத்தோடு இப்படி ஒரு செய்தி வரும்: “வீட்டையும் அலுவலகத்தையும் இரு கண்களாகக் காக்கும் நம் சிங்கப்பெண்களுக்கு மகளிர் தின வாழ்த்துகள்! நீங்கள் இல்லாவிட்டால் நம் ஆபீசுக்கு அழகே இல்லை.” மேலாளர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனாலும் படிக்கிறவர்களுக்கு உறுத்தும்.

ஓர் ஆண் ஊழியரைப் பாராட்டும்போது அவர் வீட்டில் சமைத்தாரா, பிள்ளையைப் பள்ளியில் விட்டாரா என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பெண்ணிடம் மட்டும் வீட்டை இழுத்தால், இரட்டைச் சுமை அவருக்கே உரியது என்று மேலாளரே முத்திரை குத்தியதாகிவிடும். ‘அழகு’ என்ற சொல்லோ மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறவரை அலங்காரப் பொருளாக்குகிறது. எல்லாரையும் ‘சிங்கப்பெண்கள்’ என்று ஒரே பட்டத்தில் அடக்கும்போது யார் என்ன வேலை செய்தார் என்பதும் மறைந்துபோகிறது.

இத்தனைக்கும் இது உழைக்கும் பெண்கள் உரிமை கேட்ட நாள். 1910-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் கிளாரா ஜெட்கினும் தோழியரும் மகளிர் தினத்தை முன்மொழிந்தபோது முன்னே வைத்தது வாக்குரிமையை. 1917-இல் பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் மார்ச் 8 அன்றுதான்.

ஆகவே வாழ்த்திலும் வேலையைப் பற்றிப் பேசுங்கள். தனித்தனியாக எழுதுவது நல்லது. எடுத்துக்காட்டாக: “சுமதி, வாழ்த்துகள். ஜனவரியில் இரண்டு கிளைகளின் நிலுவைக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் சொன்னதால்தான் தணிக்கைக்கு முன்பே சரிசெய்ய முடிந்தது. மதிப்பீட்டு அறிக்கையிலும் இதை எழுதியிருக்கிறேன்.” இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வாழ்த்தில் வரும் பாராட்டு மதிப்பீட்டில் வராவிட்டால், அது அன்றைய பேச்சோடு போய்விடும். எழுதியதை ஓர் ஆண் ஊழியருக்கு அனுப்புவதாக நினைத்து ஒருமுறை படியுங்கள். கூச்சமாக இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். சொல்ல எந்த வேலையும் நினைவுக்கு வராவிட்டால் “மகளிர் தின வாழ்த்துகள்” என்று மட்டும் எழுதுங்கள், போதும். அதற்குப் பிறகாவது அவர் வேலையைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

கொண்டாட்டத்திலும் கவனம் வேண்டும். ஒரே நிறப் புடவை, கோலப் போட்டி, கேக் என்று ஏற்பாட்டுப் பொறுப்பு முழுவதையும் பெண்கள் தலையிலேயே கட்டினால், அவர்களுக்கான நாளில் அவர்களுக்கே கூடுதல் வேலை.

அதைவிட, நிலுவையில் இருப்பதை முடித்துக் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவை அமைத்த ஆணையைப் பலர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டவும் சொல்கிறது. இந்த மார்ச் 8-க்குள் அது உங்கள் அலுவலகச் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.