நண்பர் கடை திறக்கிறார்: நீங்க எதை வாங்கணும், எதை அங்க விக்கக் கூடாது?

நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்துல உங்க நண்பர் ஒரு மளிகைக் கடை திறக்கிறார்னு வைங்க. நீங்க மாசச் சம்பளக்காரர். கூடவே வீட்டுல இட்லிப் பொடி அரைச்சு தெரிஞ்சவங்களுக்கு விக்கிறீங்க. திறப்பு விழா அழைப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு வருது. "வாழ்த்துகள் மச்சி! என்கிட்ட இட்லிப் பொடியும் கிடைக்கும்"னு போட கை பரபரக்கும். போடாதீங்க. அந்தக் குரூப்புல இருக்கிற எல்லாரும் அன்னைக்கு அவர் கடையைப் பார்க்கத்தான் வர்றாங்க. உங்க ஒரு வரி அவங்க கண்ணை உங்க பக்கம் திருப்பிடும். அவராலயும் வேணாம்னு சொல்ல முடியாது.

அப்போ எப்படித்தான் ஆதரவு தர்றது? போணி பண்ணுங்க, முழு விலைக்கு. போணிக்குப் பேரம் பேசக் கூடாதுன்னு நம்ம ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு இல்லையா, அதுக்குப் பின்னாடி நல்ல கணக்கும் இருக்கு.

ஒரு உதாரணத்துக்கு, கடையில சராசரியா 15% லாபம் நிக்குதுன்னு வைப்போம். நீங்க 1,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்தா அதோட கொள்முதல் 850, மிச்சம் 150. "நண்பனாச்சே, 10% குறைச்சுக்கோ"ன்னு கேட்டா 100 ரூபாய் போயிடும், மிச்சம் 50. வாடகை, கரண்ட் பில், வேலையாள் சம்பளம் எல்லாம் அந்த 50-லதான். விட்டுக்கொடுக்காம வித்திருந்தா வந்திருக்கும் 150-ஐ எடுக்க, அவர் இதே தள்ளுபடியில 3,000 ரூபாய்க்கு விக்கணும். உங்களுக்கு அது நூறு ரூபாய். அவருக்கு அது அந்த பில்லோட லாபத்துல மூணுல ரெண்டு பங்கு. "ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் தர்றேன்"னு சொல்றது இன்னும் மோசம். அவர் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 850 உங்ககிட்ட மாட்டிக்கும். 'கடன் அன்பை முறிக்கும்'னு கடைக்குக் கடை போர்டு தொங்குறது சும்மா இல்ல.

பணமாவே உதவணும்னா தனியா ஒரு கவர்ல மொய்யா வைங்க. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, யார் எவ்வளவு தந்தாங்கன்னு நோட்டுல எழுதுவாங்க. வட்டி கிடையாது. ஆனா வாங்கினவர், தந்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யணும், கொஞ்சம் கூடவும் வைப்பாங்க. அந்தப் பணத்துல தொழில் தொடங்குறவங்களும் உண்டு. அங்க கொடுத்தது என்ன, திரும்ப வரவேண்டியது என்னன்னு நோட்டு தெளிவாச் சொல்லும். வாங்குற பில்லையும் கொடுக்கிற அன்பையும் ஒண்ணாக் குழப்பினாத்தான் சிக்கல்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோணுறதே இல்ல. திறப்பு நாள் அன்னைக்கு நண்பர்கள் எல்லாரும் வந்து ஆளுக்கு அஞ்சு கிலோ பாஸ்மதி தூக்கினா, பாஸ்மதி நல்லாப் போகுதுன்னு அவர் இன்னும் நாலு மூட்டை இறக்கிடுவார். அடுத்த மாசம் நீங்க யாரும் வரமாட்டீங்க. அரிசியில வண்டு வரும். அதனால 2,000 ரூபாய் ஒதுக்கியிருந்தா, அன்னைக்கு 400-க்கு மட்டும் எடுங்க. மீதியை அடுத்தடுத்த நாலு வாரத்துக்குப் பிரிச்சுக்கோங்க. அதுவும் உங்க வீட்டு மாசப் பட்டியல்ல ஏற்கெனவே இருக்கிற துவரம் பருப்பு, எண்ணெய், சோப்புதான். அப்போ அவருக்குக் கிடைக்கிறது உண்மையான விற்பனைக் கணக்கு.

சொல்லி அனுப்புறதும் அப்படித்தான். முன்னூறு பேர் இருக்கிற அபார்ட்மென்ட் குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்றதைவிட, உங்க பொடி வாங்குற அக்கா "தம்பி, நல்ல உளுந்து எங்க கிடைக்கும்?"னு கேட்கும்போது கடைப் பேரைச் சொல்லுங்க. நண்பரோட அழைப்புக்குக் கீழ ஏதாவது எழுதணும்னா வாங்கினதை எழுதுங்க: "நேத்து ஒரு கிலோ உளுந்து எடுத்தேன், மாவு நல்லாப் பொங்குச்சு." வாங்காததைப் பத்தி எழுத வேணாம்.

சரி, உங்க இட்லிப் பொடி? ஒரு மூணு மாசம் போகட்டும். எது ஓடுது, எந்தத் தட்டு காலியா இருக்குன்னு அதுக்குள்ள அவருக்கே தெரிஞ்சிருக்கும். அப்போ கூட்டமில்லாத மதிய நேரமாப் போய், வியாபாரமாவே பேசுங்க. பத்து பாக்கெட் மட்டும் வைங்க. வித்ததுக்கு மட்டும் பணம். 60 ரூபாய் பாக்கெட்ல அவருக்கு எவ்வளவு, விக்காததை எந்தத் தேதிக்குள்ள நீங்க திரும்ப எடுக்கணும், இந்த ரெண்டையும் எழுதிக்கோங்க. முக்கியமா, பாக்கெட்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், தயாரிப்புத் தேதி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், எல்லாம் அச்சிட்டிருக்கணும். இல்லேன்னா உணவுப் பாதுகாப்பு அதிகாரி வரும்போது உங்களைத் தேடுறதுக்கு முன்னாடி, கல்லாவுல உட்கார்ந்திருக்கிற அவரைத்தான் கேட்பார்.