கேட் முன் நிற்கும் வண்டி: புகார் எப்போது எடுபடும்?

வீட்டுக்காரரின் சொத்து மதில்சுவரோடு முடிந்துவிடுகிறது. வெளியே இருப்பது பொதுத் தெரு. தடை இல்லாத இடத்தில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் யாரும் அங்கே வண்டி நிறுத்தலாம். தெருவை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்குக் கூடுதலாக உள்ளது ஒன்றுதான்: வீட்டுக்குள் போய்வரத் தடையற்ற வழி. புகார் நிற்பதும் விழுவதும் இதை வைத்தே.

1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள், கட்டட நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்றன. அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளிலும் அந்தத் தடை தொடர்கிறது. அதற்குத் தனியாகப் பலகை எதுவும் தேவையில்லை. மாறாக, வீட்டுக்காரர் தாமே மாட்டும் ‘நோ பார்க்கிங்’ பலகைக்குச் சட்ட மதிப்பு இல்லை. தெருவில் மணல் மூட்டையும் பூந்தொட்டியும் வைத்து இடம் பிடிப்பதோ, அதுவே ஆக்கிரமிப்பு. சென்னையில் இப்படி வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2024-இல் போக்குவரத்துக் காவல்துறை எச்சரித்தது.

ஒரு குறுகலான தெருவை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்கு வந்தவர் தம் காரை மதில்சுவரை ஒட்டி விடுகிறார். கேட் முழுதும் திறக்கிறது. ‘என் வீட்டு முன்னால் நிற்கிறது’ என்ற புகார் இங்கே எடுபடாது. அதே காரின் பின்பாதி கேட்டை மறைத்து, உள்ளே இருக்கும் கார் வெளியே வர முடியாமல் போனால் நிலைமையே வேறு. எதிர் மதிலை ஒட்டி நிற்கும் வண்டியும், கேட்டிலிருந்து கார் திரும்பவே முடியாத அளவு நெருக்கினால், இடைஞ்சலாகலாம். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். வந்த காவலர் தெருவில் இடம் இருக்கிறதென்று கருதினால் அதோடு முடிந்தது.

தன் கேட் முன் தானே நிறுத்துபவர் மீது பொதுவாக யாரும் புகார் சொல்வதில்லை. அதனால் அந்த இடம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. வண்டி நடைபாதையில் ஏறி நின்றாலோ, தெருவை நெருக்கினாலோ, அண்டை வீட்டாரின் புகார் செல்லும்.

புகாருக்கு நல்ல ஆதாரம் படம்தான். வண்டி எண்ணும் கேட்டும் ஒரே படத்தில் விழ வேண்டும். ‘கார் வெளியே எடுக்க முடியவில்லை’ என்று சொல்லி, நேரத்தையும் குறிப்பிட வேண்டும். வண்டி நிற்கும்போதே சொல்வது முக்கியம். போன பிறகு சொன்னால் காவலர் நேரில் பார்க்க எதுவும் இருக்காது. சென்னையில் 103, மற்ற ஊர்களில் 100 அல்லது 112.

நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும் அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. இழுத்துச் செல்லும் செலவு வண்டி உரிமையாளருடையது. இடைஞ்சலாக நிறுத்தியதற்குத் தமிழ்நாட்டில் அபராதம் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய்.